சிபில் குறைவாக இருந்தாலும் கடன் உறுதி என்பவர்கள் முன்பணம் கேட்டால்

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் கிடையாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று கரை நெடுகப் படகுகளை மேலே ஏற்றி மராமத்துப் பார்ப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். பலகை மாற்ற வேண்டும், வண்ணம் பூச வேண்டும், இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வலை வாங்க வேண்டும். கையில் காசு இல்லாத நேரம் பார்த்து வருடத்தின் பெரிய செலவு வந்து நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அதன் பின்னாலேயே வரும்.

"சிபில் ஸ்கோர் தேவையில்லை, 3 லட்சம் வரை உடனடிக் கடன், 100 சதவீத ஒப்புதல்" என்ற விளம்பரங்கள் ஆண்டு முழுவதும் கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மற்ற மாதங்களில் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் இந்த மாதங்களில் நின்று பார்க்கிறார்கள். வங்கி வாசலையோ கடன் நிறுவனத்தின் வாசலையோ இதுவரை மிதித்திராத ஒருவர் அந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டால் அடுத்தடுத்து என்ன நடக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோரைப் பற்றி

வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அது 300 முதல் 900 வரை போகும். நம் கடற்கரையில் அது இறங்கிக் கிடப்பதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் படகோடு தொழிலும் போகிறது, தவணை நிற்கிறது. மைத்துனனுக்கு ஜாமீன் போட்ட கடன் நிலுவையானால் போட்டவருடைய ஸ்கோரும் சேர்ந்து இறங்குகிறது. குழுக் கடனில் இரண்டு மாதம் தவறியதுகூட உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறிவிடுகிறது.

இவ்வளவு ஸ்கோர் இருந்தால்தான் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையையும் வகுக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் நிறுவனமும் தன் கணக்குப்படி முடிவு செய்கிறது. ஆகவே குறைந்த ஸ்கோருக்குக் கடனே கிடைக்காது என்பது உண்மையில்லை. நிஜமான நிறுவனமும் கொடுக்கலாம், கூடுதல் வட்டியில், குறைந்த தொகையில். ஆனால் உங்கள் அறிக்கையையும் வருமானத்தையும் பார்ப்பதற்கு முன்பே எந்த நிறுவனமும் "உறுதி" என்று சொல்லாது. சொன்னால் அவர்கள் கடன் கொடுக்கும் தொழிலில் இல்லை என்றுதான் பொருள். கொடுத்த பணம் திரும்பி வருமா என்ற கவலையே இல்லாதவரால்தான் பார்க்காமல் ஒப்புதல் தர முடியும்.

அவர்கள் பணம் கேட்கும் வரிசை

இதை ஒரே ஒரு கடனை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோர் 580. மராமத்துக்கு 3 லட்சம் வேண்டும். வங்கியில் இல்லை என்றுவிட்டார்கள். பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தில் பெயரும் எண்ணும் பதிகிறார். கால் மணி நேரத்தில் அழைப்பு வருகிறது. நல்ல தமிழில், மரியாதையாக ஒரு பெண் பேசுகிறார். ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். மறுநாள் ஒப்புதல் கடிதம் வந்துவிடுகிறது: நாடறிந்த ஒரு நிறுவனத்தின் சின்னம், நீல முத்திரை, கையெழுத்து, மூலையில் நான்முகச் சிங்கம். 3 லட்சம், ஆண்டு வட்டி 5 சதவீதம், 36 மாதம், மாதத் தவணை 8,991 ரூபாய்.

இந்தக் கடிதத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். தவணைக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எந்தக் கால்குலேட்டரில் போட்டாலும் அதே தொகைதான் வரும். கோளாறு வட்டியில் இருக்கிறது. ஒழுங்காகத் தவணை கட்டி நல்ல ஸ்கோர் வைத்திருக்கும் அரசு ஊழியருக்கே ஈடில்லாத தனிநபர் கடன் 5 சதவீதத்துக்குக் கிடைப்பதில்லை. 580 ஸ்கோர்காரருக்கு அதைவிட மலிவாக எவர் கொடுப்பார்? சிங்க முத்திரைக்கும் தனியார் நிறுவனத்தின் கடிதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முத்ரா திட்டத்தின் பெயரிலும் இதே மாதிரியான கடிதங்கள் உலவுகின்றன. அவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பலமுறை அறிவித்திருக்கிறது.

இனிப் பணம் கேட்கும் படலம். முதலில் கோப்புக் கட்டணம் 1,850 ரூபாய். தொகை சிறியது, ஒரு நாள் கூலியோடு கொஞ்சம் சேர்த்தால் போதும் என்பதால் கட்டிவிடுகிறார். அடுத்து கடன் காப்பீடு 7,500. "உங்கள் ஸ்கோர் குறைவு அண்ணே, அதனால் காப்பீடு கட்டாயம், முதல் தவணையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்கிறார்கள். அதன் பின் முதல் தவணை முன்பணமாக 8,991. அதையும் கட்டிய பிறகு, 3 லட்சம் அனுப்பியாகிவிட்டது என்று ஒரு ரசீதின் படம் வருகிறது. கணக்கிலோ பணம் வரவில்லை.

கேட்டால், விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு, பணம் ரிசர்வ் வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விடுவிக்க 15,000 கட்ட வேண்டும் என்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஓர் இலக்கம் தவறாகத்தான் இருக்கிறது. மாற்றி எழுதியவர்கள் அவர்களே. ஆனால் குற்றம் தன்னுடையது என்று நம்பிவிட்ட மனிதர் அவசரமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறார். அதுவரை கட்டிய தொகை 33,341 ரூபாய். அடுத்த நாள் டிடிஎஸ், அதாவது வருமான வரிப் பிடித்தம் என்று இன்னொரு 12,000 கேட்டு அழைப்பு வருகிறது.

கட்டணங்களின் பெயர்கள் மாறும், வரிசை மாறும், தொகை மாறும். ஒவ்வொன்றும் முந்தையதை விடப் பெரிதாகவோ, மறுக்க முடியாத காரணத்தோடோ வரும். "இவ்வளவு கட்டியாகிவிட்டது, இதையும் கட்டினால் வந்துவிடும்" என்ற எண்ணந்தான் அவர்களுக்கு மூலதனம். தூண்டிலில் முதல் இரையைச் சின்னதாகக் கோப்பது ஏன் என்று கடல்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பீடு என்ற சொல்லில் ஏமாறாமல் இருக்க

மேலே சொன்ன நான்கில் படித்தவரையும் சாய்ப்பது காப்பீட்டுக் கட்டணந்தான். காரணம், உண்மையான கடனிலும் காப்பீடு உண்டு. கடன் வாங்கியவர் இடையில் இறந்துவிட்டால் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும். குடும்பத்தின் தலையில் விழாது. அண்டை வீட்டில் யாராவது வீட்டுக் கடனோ வாகனக் கடனோ வாங்கியிருந்தால் அந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். மோசடிக்காரர் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

நிஜக் கடனில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போலி தானாகவே பிரிந்து நிற்கும். காப்பீடு எடுப்பது கடன் வாங்குபவரின் விருப்பம். இதை எடுத்தால்தான் கடன் என்று கட்டிப்போட முடியாது. எடுத்தால் பிரீமியம் பெரும்பாலும் கடன் தொகையிலேயே சேர்க்கப்படும் அல்லது கழிக்கப்படும். அது போய்ச் சேரும் இடம் காப்பீட்டு நிறுவனம். அதற்கு ஒரு சான்றிதழ் வரும். அதில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு, வாரிசுதாரர் யார் என்பதெல்லாம் இருக்கும். முக்கியமாக, அந்தக் காப்பீடு கடனோடு கட்டப்பட்டது. கொடுக்காத கடனில் பாக்கி ஏது, அதை அடைக்கக் காப்பீடு ஏது?

அதே 3 லட்சத்தை நேர்மையான நிறுவனம் ஒன்று கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 6,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. விரும்பிக் காப்பீடு எடுத்தால் ஒரு 4,500. மொத்தம் 11,580 போக 2,88,420 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும். உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. ஜிஎஸ்டி கட்டணத்தின் மேல்தான் விழுகிறது, கடன் தொகையின் மேல் விழவில்லை என்பதையும் கவனியுங்கள். "3 லட்சத்துக்கு ஜிஎஸ்டி" என்று யாராவது கேட்டால் அந்த வார்த்தையிலேயே பொய் இருக்கிறது. கடன் வருமானம் ஆகாது, ஆகவே வாங்குபவரிடம் டிடிஎஸ் என்று கேட்பதற்கும் இடமில்லை.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கட்டணத்தைக் கடன் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்." நிஜ நிறுவனத்துக்கு இதில் சங்கடமே இல்லை, அன்றாடம் அப்படித்தான் செய்கிறது. மோசடிக்காரரால் மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் கழிப்பதற்கு அவரிடம் கடன் தொகை என்று எதுவும் இல்லை. "ரிசர்வ் வங்கி விதி", "சிஸ்டம் ஏற்காது", "காப்பீட்டை ஆக்டிவேட் செய்தால்தான் பணம் விடுவிக்கப்படும்" என்று ஏதாவது ஒரு பதில் வரும். அந்த பதில் வந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வீட்டுக் கடன் போன்ற பெரிய கடன்களில் சில வங்கிகள் விண்ணப்பத்தோடு ஒரு சிறு கட்டணம் வாங்குவதுண்டு. பத்திரத்தைப் பார்க்கும் வழக்கறிஞர், இடத்தை மதிப்பிடும் பொறியாளர் ஆகியோருக்கான செலவு அது. ஆனால் அங்கே நீங்கள் கிளைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், பணம் வங்கியின் பெயரிலேயே போகும், ரசீது கையில் இருக்கும், கடன் கிடைக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்பவரோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டுவதற்கு முன் சரிபார்க்கும் வழி

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். ஏஜெண்ட் யார் என்பது வேண்டாம். யாருடைய பணம், எந்த வங்கி அல்லது எந்த வங்கிசாரா நிதி நிறுவனம்? பதில் சொல்லத் திணறினால் வேலை முடிந்தது. சொன்னால், அந்தப் பெயரை ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் தேடிப் பார்க்கலாம். அனுமதி பெற்ற நிறுவனமா என்று அங்கே தெரியும்.

ஆனால் இந்தச் சோதனை பாதிக் கிணறுதான். புத்திசாலி மோசடிக்காரர் இல்லாத பெயரைச் சொல்வதில்லை; உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவுச் சான்றிதழையும் எடுத்து அனுப்புகிறார். ஊழியர் அடையாள அட்டையின் படமும் வரும். பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதால் பேசுகிறவர் அந்த நிறுவனத்தவர் என்று ஆகிவிடாது. எனவே அடுத்த வேலை, அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி அழைப்பது. கூகுளில் முதலில் வரும் எண்ணையும் நம்பாதீர்கள், விளம்பரம் கொடுத்து அங்கேயும் போலி எண்ணை ஏற்றுகிறார்கள். நிறுவனத்தின் தளத்துக்கே போய் எடுங்கள். வங்கி என்றால் அதன் இணைய முகவரி .bank.in என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் பஸ் ஏறி ராமநாதபுரத்தில் உள்ள கிளைக்கே போய், ஒப்புதல் கடிதத்தைக் காட்டி "இது உங்களுடையதா?" என்று கேட்டுவிடுங்கள். பஸ் டிக்கெட்டோடு முடிகிற செலவு.

அடுத்தது, கேஎஃப்எஸ் எனப்படும் முக்கியத் தகவல் அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனோ சிறுதொழில் கடனோ, ஒப்பந்தத்துக்கு முன் இந்தத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். வட்டி, எல்லாக் கட்டணங்களும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம், காப்பீட்டுத் தொகை, தவணை அட்டவணை, புகார் செய்ய வேண்டிய அதிகாரி எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் பிற்பாடு வசூலிக்க முடியாது. "கேஎஃப்எஸ் அனுப்புங்கள்" என்று கேட்டாலே பல பேர் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். துண்டிக்காமல் ஏதாவது ஒரு தாளை அனுப்பினால், அவர்கள் கேட்கும் காப்பீட்டுக் கட்டணம் அதில் இருக்கிறதா, எந்தக் காப்பீட்டு நிறுவனம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பணம் போகும் இடம். யுபிஐ-யில் ரகசிய எண் போடும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. கடன் நிறுவனம் என்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு தனிமனிதரின் பெயரோ மொபைல் கடையின் பெயரோ வந்தால் அது வாடகைக்கு எடுத்த கணக்கு. "எங்கள் கணக்காளர் சார்" என்பார்கள். நிறுவனத்தின் கட்டணம் கணக்காளரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்குக் கட்டச் சொன்னால் சந்தேகத்துக்கே இடமில்லை. கடன் தொகை வரவு வைக்க உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்டாலும் அப்படித்தான். பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டால்

வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்து வைப்பதுதான் இங்கே பெரிய இழப்பு. உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். இந்த எண்ணுக்குப் புகார் போனால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படும். அங்கிருந்து வேறு கணக்குக்குப் போயிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அதோடு தடம் அறுந்துவிடும். ஆகவே நாளைக்கு ராமநாதபுரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், கடைசித் தொகை கட்டிய அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும்.

அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதி, நேரம், தொகை, 12 இலக்கப் பரிமாற்ற எண், பணம் வாங்கிய யுபிஐ முகவரி. பலர் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். தங்கச்சிமடத்துக்காரர் நான்கு தடவை கட்டியிருக்கிறார், நான்கும் நான்கு கணக்குக்கு. பெரிய தொகையான 15,000-ஐ மட்டும் சொன்னால் அந்த ஒரு கணக்கைத்தான் துரத்துவார்கள். 1,850 உட்பட நான்கையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்து மூலமான புகாரும் கொடுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவிலும், மோசடி பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவிலும் வருகிறது.

வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ஒப்புதல் கடிதம், போலி ரசீது, குரல் பதிவு எல்லாமே சாட்சி. எண்ணைத் தடை செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டில் இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

வங்கியிடம் எதிர்பார்க்கக்கூடியது கொஞ்சந்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து யாரோ எடுத்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பில்லை என்று 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. இங்கே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியது நீங்களே. அதனால் அந்த விதியைக் காட்டி வங்கியிடம் கேட்க முடியாது. திரும்பக் கிடைப்பதெல்லாம் பெறுபவர் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட தொகைதான். அதுவும் காவல்துறை, நீதிமன்ற நடைமுறை முடிந்து வர மாதங்கள் ஆகலாம்.

அந்த இடைவெளியில் இன்னோர் அழைப்பு வரும். "நான் சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், உங்கள் 33,341 ரூபாய் மீட்கப்பட்டுவிட்டது, 2,500 கட்டணம் கட்டினால் அனுப்பிவிடலாம்" என்பார்கள். உங்கள் பெயரும் தொகையும் சரியாகச் சொல்வதால் நம்பத் தோன்றும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கியவர்களே அவர்கள்தானே. 1930-க்கும் காவல் நிலையத்துக்கும் கட்டணம் எதுவும் கிடையாது.

பணம் உண்மையிலேயே வேண்டுமே

வேண்டும்தான். ஸ்கோர் குறைந்தவருக்குத் திறந்திருக்கும் கதவுகளில் முதலாவது நகைக் கடன். ஈடு நகை என்பதால் ஸ்கோருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 2025-இல் ரிசர்வ் வங்கி மாற்றிய விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம்; வருமான ஆய்வு அவசியமில்லை. கூட்டுறவு வங்கியிலும் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுவின் வழியாக வரும் கடனும் இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மீன்வளத்துறை அலுவலகத்திலும் உங்கள் வங்கிக் கிளையிலும் கேட்க வேண்டும். பழைய கடன் நிலுவையாக இருந்தால் இதிலும் இழுபறி உண்டு. ஆனால் மறுப்பதற்காக யாரும் உங்களிடம் 7,500 வாங்க மாட்டார்கள்.

ஸ்கோர் ஏன் குறைந்தது என்று பார்ப்பதும் கட்டணமில்லாத வேலைதான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைத் தொகுத்து ஸ்கோர் போடும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். "சிபிலைச் சரிசெய்து தருகிறோம், 5,000 கட்டுங்கள்" என்பதும் மேலே பார்த்த தொழிலின் இன்னொரு கிளை. தவறான பதிவு இருந்தால் நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்தில் முறையிடலாம், 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. உண்மையிலேயே நிலுவை இருந்தால் எந்த ஏஜெண்டாலும் அதை அழிக்க முடியாது.

மோசடிக்காரரிடம் ஆதாரும் பானும் போய்விட்டவர்கள் இந்த இலவச அறிக்கையை இன்னொரு காரணத்துக்காகவும் எடுக்க வேண்டும். அந்தத் தாள்களை வைத்து உங்கள் பெயரில் வேறெங்காவது சிறு கடன் வாங்கியிருக்கலாம். நான்கு நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்தது போல ஆகும். ஆதாரில் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது; ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டிய நாளில் திறந்துகொள்ளலாம். அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் ஏதாவது தென்பட்டால், கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள். முறையீட்டில் 1930-இல் கிடைத்த அந்தப் புகார் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, காவல் நிலைய ரசீதின் நகலை இணைத்துவிடுங்கள்.